நாற்பத்தெட்டாயிரம்

(கண்டியில் தமிழ்மொழி மூலக் கணக்கீட்டு ஆசிரியர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கம்பளையிலிருந்தும் வத்தேகமவிலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் அரை மணித்தியாலம் நின்றவர்களும் இங்கே இருப்பீர்கள். அதனால் முன்னுரை வேண்டாம். ஒரு பிள்ளை என் மேசைக்கு வந்து கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு தவணைப் பரீட்சை வைத்தேன். எந்தப் பாடசாலை என்பது இங்கே முக்கியமில்லை. விடைத்தாள் திருப்பிக் கொடுத்த அன்று, வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிற பிள்ளை தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சேர், பதினேழாவது கேள்விக்கு நாற்பத்தெட்டாயிரம்னு போட்டேன். பிழைன்னு வெட்டியிருக்கீங்க. ஏன் பிழை?" என்றாள். என் கையில் விடைக்குறிப்பு இருந்தது. அதில் "17 – (3)" என்று மட்டும் எழுதியிருந்தது. நான் கேள்வியை மறுபடி வாசித்தேன். இரண்டாம் தடவையும் வாசித்தேன். அவள் சொன்னதுதான் சரி. நான் பிழை என்று நினைத்துப் போட்ட தெரிவு, நான் எழுதிய வசனத்தின்படி சரியான விடையாக இருந்தது. இன்னும் மோசமான செய்தி, கெட்டிக்காரப் பிள்ளைகளில் கனபேர் அதைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகள் பலருக்கு அந்தக் கேள்விக்குப் புள்ளி கிடைத்திருந்தது.

அந்த ஒரு கேள்வியை வைத்தே இன்று முழுக்கப் பேசப்போகிறேன். பல்தேர்வு வினா எழுதுவதில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியைத் திருத்தித் திருத்திக் கற்றதுதான்.

விடயம் ஐயக்கடன் ஏற்பாடு. ஒரு வணிகத்துக்கு ஆண்டிறுதியில் வியாபார வருமதிகள் உண்டு. அதில் ஒரு தொகை இனி வராது என்று தெரிந்துவிட்டது; அதைப் பதிவழிக்க வேண்டும். மீதியில் ஒரு வீதத்தை ஐயக்கடனுக்கு ஏற்பாடாக வைக்க வேண்டும். போன வருடத்து ஏற்பாடு ஏற்கெனவே பேரேட்டில் இருக்கிறது. ஆகவே கூடிய தொகை மட்டும்தான் இவ்வருடச் செலவினம். பதிவழித்த கடனையும் ஏற்பாட்டின் அதிகரிப்பையும் கூட்டினால் விடை. மூன்று படி. ஒவ்வொரு படியிலும் பிள்ளைகள் வழுக்குவார்கள். அதனால்தான் இது நல்ல பல்தேர்வு வினாவாகக்கூடிய விடயம்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிழையான தெரிவுகளை நாம் இருந்த இடத்தில் இருந்து கற்பனை செய்யக்கூடாது. சரியான விடை 28,000 என்றால், பக்கத்தில் 27,000, 29,500, 31,000 என்று போடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நானும் போட்டிருக்கிறேன். 27,000 எந்தப் பிள்ளையின் கணக்கிலும் வராத எண். கணக்குத் தெரியாத பிள்ளை தன் விடை அங்கே இல்லை என்று கண்டவுடன் தான் பிழை விட்டதை உணர்ந்துகொள்ளும். திருப்பிச் செய்து பார்க்கும். அப்போது நாம் சோதித்தது கணக்கீட்டையா, அல்லது தெரிவுகளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் சாமர்த்தியத்தையா? பிழையான தெரிவு என்றால் அது ஒரு குறிப்பிட்ட பிழையான வழியில் நடந்து போனவர் போய்ச் சேரும் இடமாக இருக்க வேண்டும். அந்த வழியை நாம் எழுதிக் காட்ட முடியாவிட்டால் அந்த எண்ணைப் போடக்கூடாது.

அந்த வழிகளை எங்கே தேடுவது? பிள்ளைகளின் கையெழுத்தில். தெரிவுகள் ஒன்றும் கொடுக்காமல் அதே கணக்கை ஒரு வகுப்புக்குக் கொடுங்கள். செய்கை வழியைக் காட்டச் சொல்லுங்கள். விடைகளை ஒரு கடதாசியில் குவியல் குவியலாக எழுதிப் பாருங்கள். ஒரே பிழையான எண் ஐந்தாறு தாள்களில் திரும்பத் திரும்ப வரும். பார்த்து எழுதியிருப்பார்கள் என்று நாம் சந்தேகப்படுவோம். பல சமயம் அப்படியில்லை. ஒரே விதமான பிழை விளக்கம் வேறு வேறு தலைகளில் தனித்தனியாகவே இருக்கும். 1978 இல் ஜோன் சீலி பிரவுணும் ரிச்சர்ட் பேர்ட்டனும் அமெரிக்காவில் இதைத்தான் சிறுபிள்ளைகளின் கழித்தல் கணக்குகளில் காட்டினார்கள். பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தை எப்போதும் கழித்துவிடுகிற பிள்ளை கவனயீனமாகக் கழிக்கவில்லை; தன்னிடமுள்ள ஒரு பிழையான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. அந்த விதி தெரிந்தால் அடுத்த கணக்கில் அது எழுதப்போகிற பிழையான விடையையும் முன்கூட்டியே சொல்லலாம்.

உயர்தரக் கணக்கீட்டு முதலாம் வினாத்தாளில் முதல் 30 கேள்விகள் ஐந்து தெரிவுள்ள பல்தேர்வு, மீதி 20 கேள்விகள் குறுவிடை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் குறுவிடைகள் நமக்குக் கிடைத்த சுரங்கம். பிள்ளைகள் எழுதிய பிழையான குறுவிடைகளை அடுத்த வருடத் தாளுக்கான தெரிவுகளாகச் சேர்த்து வைக்கலாம். பரீட்சைத் திணைக்களம் வெளியிடுகிற மதிப்பீட்டு அறிக்கைகளையும் பாருங்கள். ஒரு தெரிவை எத்தனை வீதமானோர் எடுத்தார்கள் என்று அங்கே போட்டிருப்பார்கள். நம்மில் பெரும்பாலானோர் சரியான விடையின் வீதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டுவோம். பிழையான தெரிவுகளின் வீதங்கள்தான் வாசிக்க வேண்டியவை.

இனி அந்தக் கேள்வி. என் முதல் வரைவில் எண்கள் இப்படி இருந்தன: வியாபார வருமதிகள் 420,000, பதிவழிக்க வேண்டிய கடன் 20,000, ஏற்பாடு 5%, ஆரம்ப ஏற்பாடு 12,000. பதிவழித்தபின் மீதி 400,000. அதில் 5% என்றால் 20,000. கூடிய தொகை 8,000. மொத்தச் செலவினம் 28,000. கணக்குச் சுத்தமாக இருந்தது. எனக்கும் பிடித்திருந்தது.

பிறகு பிழையான வழிகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்தேன். அறவிடமுடியாக் கடனை மட்டும் செலவினமாக எடுத்த பிள்ளைக்கு 20,000 வருகிறது. புதிய ஏற்பாடு முழுவதையும் மட்டும் எடுத்த பிள்ளைக்கும் 20,000 வருகிறது. இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். முதற்பிள்ளைக்கு ஏற்பாடு என்ற எண்ணமே இல்லை. இரண்டாம் பிள்ளைக்கு ஏற்பாடு தெரியும், ஆனால் பதிவழித்த கடனைச் செலவினத்தில் சேர்க்க மறந்துவிட்டது, ஆரம்ப மீதியையும் பார்க்கவில்லை. விடைத்தாளில் 20,000 ஐப் பார்த்துவிட்டு நான் யாருக்கு என்ன சொல்லிக் கொடுப்பேன்? எண்கள் தற்செயலாக ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. வட்டமான எண்களை ஆசைப்பட்டு எடுக்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

எண்களை மாற்றினேன். வருமதி 430,000, பதிவழிப்பு 30,000, ஆரம்ப ஏற்பாடு 14,000. சரியான விடை 36,000. மோதல் தீர்ந்தது. ஆனால் பதிவழிக்காமல் முழுத்தொகையிலும் 5% கணித்த பிள்ளைக்கு ஏற்பாடு 21,500 ஆகி, கடைசியில் 37,500 வந்தது. தெரிவுகளில் மற்ற எல்லா எண்களும் முழு ஆயிரங்கள். இது ஒன்று மட்டும் ஐந்நூறில் முடிகிறது. பரீட்சைக்குப் பழகிய பிள்ளை ஐந்நூறைக் கண்டால் ஒதுக்கிவிடும். "சேர்மார் இப்படி விடை வைக்க மாட்டாங்க" என்று அவர்களுக்குத் தெரியும். மிக முக்கியமான பிழையான வழியைக் காட்டவிருந்த தெரிவு, அதன் உடையைப் பார்த்தே நிராகரிக்கப்பட்டுவிடும்.

மூன்றாம் தடவை: வருமதி 440,000, பதிவழிப்பு 40,000, வீதம் 5%, ஆரம்ப ஏற்பாடு 14,000. சரியான வழியில் 400,000 இன் 5% என்றால் 20,000, கூடிய தொகை 6,000, செலவினம் 46,000. பதிவழிக்குமுன் 5% எடுத்தவருக்கு ஏற்பாடு 22,000, கூடிய தொகை 8,000, செலவினம் 48,000. ஆரம்ப ஏற்பாட்டை மறந்தவருக்கு 60,000. ஏற்பாட்டின் அதிகரிப்பை மட்டும் எடுத்தவருக்கு 6,000. புதிய ஏற்பாட்டை மட்டும் எடுத்தவருக்கு 20,000. அறவிடமுடியாக் கடனை மட்டும் எடுத்தவருக்கு 40,000. அதிகரிப்பைக் கூட்டாமல் கழித்தவருக்கு 34,000. பரீட்சை மீதியிலுள்ள 14,000 ஐயும் செலவினம் என்று கூட்டிவிட்டவருக்கு 74,000. எட்டு வழி, எட்டு வேறு எண், எல்லாம் முழு ஆயிரம். இந்தக் கணக்கை எழுதுகிற வேலை இந்த இடத்தில் முடிகிறது. வசனம் எழுதுகிற வேலைக்கு நான் இன்னும் வரவில்லை. ஆனால் அன்று முடிந்துவிட்டதென்று நினைத்தேன்.

தாளில் நான் எழுதிய வசனம் இது: "31.03 இல் வியாபார வருமதிகள் ரூ. 440,000. ஆண்டில் அறவிடமுடியாக் கடன் ரூ. 40,000 பதிவழிக்கப்பட்டது." எனக்குத் தெரியும், 440,000 என்பது பதிவழிக்குமுன் உள்ள தொகை. என் தலைக்குள் அது இருந்தது. தாளில் இல்லை. "பதிவழிக்கப்பட்டது" என்றால் தமிழில் நடந்து முடிந்த காரியம். நடந்து முடிந்திருந்தால் 440,000 என்பது பதிவழித்தபின் மிஞ்சிய தொகை. அதில் 5% என்றால் 22,000. கூடிய தொகை 8,000. ஏற்கெனவே பதிவழித்த 40,000 ஐச் சேர்த்தால் 48,000. அந்தப் பிள்ளை வாசித்தபடி அச்சொட்டாக வந்த விடை. தமிழைக் கவனமாக வாசித்தவர்கள் பிழையில் விழுந்தார்கள். வசனத்தை அரைகுறையாகப் பார்த்து, "அறவிடமுடியாக் கடன் கண்டால் கழி" என்று பழகியவர்கள் புள்ளி வாங்கினார்கள்.

நம்பத்தகுந்த பிழையான தெரிவு சரியான விடைக்கு மிக அருகில் குடியிருக்கும். ஒரு சொல் இடறினால் இரண்டும் வீடு மாறிவிடும். 27,000 மாதிரி அர்த்தமற்ற எண்ணைப் போட்டிருந்தால் என் வசனப் பிழை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும் என்பதும் உண்மை. நல்ல தெரிவுகளை எழுதுகிறவர் வசனத்தில் இரட்டிப்புக் கவனம் வைக்க வேண்டியிருக்கிறது.

திருத்திய வசனத்தை வாசிக்கிறேன்.

"31.03.2025 இல் முடிவடைந்த ஆண்டுக்குரிய சீராக்கங்களுக்கு முன்னரான பரீட்சை மீதியில் வியாபார வருமதிகள் ரூ. 440,000, ஐயக்கடன் ஏற்பாடு ரூ. 14,000. இதுவரை ஏடுகளில் பதியப்படாத அறவிடமுடியாக் கடன் ரூ. 40,000 ஐப் பதிவழிக்க வேண்டும். ஆண்டிறுதி வியாபார வருமதிகளில் 5% ஐ ஐயக்கடன் ஏற்பாடாக வைத்திருப்பது வணிகத்தின் கொள்கை. இவ்விரண்டும் தொடர்பாக இவ்வாண்டு இலாப நட்டக் கூற்றில் பதியப்படும் மொத்தச் செலவினம் யாது?"

"இதுவரை ஏடுகளில் பதியப்படாத" என்ற மூன்று சொற்கள்தான் அந்தப் பிள்ளைக்கு நான் பட்ட கடன். இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் நான் "எஞ்சிய வியாபார வருமதிகளில் 5%" என்று திருத்தியிருந்தேன். தெளிவு கூடியது, ஆனால் "எஞ்சிய" என்ற சொல் முதலில் கழி, பிறகு வீதம் எடு என்று காதுக்குள் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. 48,000 செத்துப்போகும். "ஆண்டிறுதி வியாபார வருமதிகள்" என்றால் பொருள் திட்டமாக இருக்கிறது, வழி சொல்லிக் கொடுக்கவில்லை. குழப்பமில்லாமல் இருக்க வேண்டும், காட்டியும் கொடுக்கக்கூடாது. இந்த இடைவெளியில் ஒரு சொல்லைத் தேட எனக்கு ஒரு பின்னேரம் போனது.

"செலவினம்" என்று எழுதியதையும் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றுதான் எழுதினேன். நம் பாடத்தில் வரவு ஒரு பக்கம், செலவு மறுபக்கம். "செலவு" என்று எழுதினால் பேரேட்டின் பக்கத்தைக் கேட்கிறோமா, வணிகம் செய்த செலவைக் கேட்கிறோமா என்று பிள்ளை ஒரு கணம் தயங்கும். தமிழில் மட்டும் உள்ள இந்தக் குழியில் இன்னும் ஆழமான ஓர் இடம் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பற்று, வரவு என்று சொல்கிறார்கள். அங்கே "வரவு" என்பது நம்முடைய செலவுப் பக்கம். நம் "வரவு" அங்கே பற்று. ஒரே சொல், நேரெதிர்ப் பக்கம். இப்போது கண்டியிலும் தெல்தெனியாவிலும் பிள்ளைகள் இரவில் கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளைப் பார்த்துப் படிக்கிறார்கள். அவர்கள் நன்றாகவே கற்பிக்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் "ஐயக்கடன் ஏற்பாட்டுக் கணக்கின் மீதி வரவு மீதியா?" என்று நான் கேட்டால், அந்தக் காணொளியைப் பார்த்த பிள்ளை ஆம் என்று சொல்லும். கணக்கீடு தெரிந்தே சொல்லும். அங்கே நான் பிழையாகப் பிடிப்பது அறிவீனத்தை அல்ல, கடல் கடந்த ஒரு சொல்லை. ஆகவே வரவையும் செலவையும் புரட்டிப்போட்ட தெரிவு ஒன்றை வைக்கும்போது, அதை எடுத்த பிள்ளைகளில் இரண்டொருவரையாவது கூப்பிட்டு எங்கே படித்தீர்கள் என்று கேட்பது என் வழக்கம்.

இனித் தெரிவுகள். எட்டு எண் கையில் இருக்கிறது. சரியானதைச் சேர்த்து ஐந்து வேண்டும். எந்த நான்கு பிழைகளை எடுப்பது? உங்கள் வகுப்புத் தாள்களில் அதிகம் வந்தவற்றை எடுங்கள். நான் 6,000, 20,000, 48,000, 60,000 ஐ எடுத்தேன். எண்களை எப்போதும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். அப்படி அடுக்கினால் சரியான விடை எந்த இலக்கத்தில் வரும் என்பதை நம் கை தீர்மானிக்காது. நம் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. சரியான விடையை நடுவில் ஒளித்து வைக்கப் பார்க்கும். இங்கே 46,000 மூன்றாவதாக வந்துவிட்டது. தாளில் ஏற்கெனவே (3) அதிகமாக இருந்தால், எண்ணை மாற்றாமல் தெரிவை மாற்றலாம். 6,000, 20,000 இரண்டையும் எடுத்துவிட்டு 34,000, 74,000 ஐப் போட்டால், 34, 46, 48, 60, 74 என்று வந்து சரியான விடை இரண்டாவதாகிவிடும். எட்டு வழி நடந்து பார்த்ததன் பலன் இது.

ஐந்து தெரிவு அவசியமா என்று சிலர் கேட்பீர்கள். மைக்கல் ரொட்ரிகஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2005 இல், எண்பது வருட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து மூன்று தெரிவே போதும் என்று எழுதினார். நான்காவதும் ஐந்தாவதும் பெரும்பாலும் யாரும் தொடாத தெரிவுகள் என்பது அவர் கண்டதன் சாரம். எனக்கு அதில் உடன்பாடுதான். ஆனால் நம் பிள்ளைகள் ஐந்து தெரிவுள்ள தாளுக்கு முன்னால் உட்காரப்போகிறவர்கள். அலகுப் பரீட்சைக்கு மூன்றோ நான்கோ வையுங்கள். கடைசித் தவணையில் ஐந்தையே பழக்குங்கள். ஐந்தாவதாக ஒன்று கிடைக்கவில்லை என்று "மேற்கூறிய எதுவுமில்லை" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அதை எடுத்த பிள்ளை எந்த வழியில் போனது என்று ஒருபோதும் தெரியவராது.

விடைக்குறிப்பைப் பற்றிச் சொல்கிறேன். "17 – (3)" என்று எழுதி வைத்திருந்ததால்தான் அந்தப் பிள்ளை முன் நான் வாயடைத்து நின்றேன். இப்போது தெரிவுகளுக்கு முன்பே விடைக்குறிப்பை எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கு நான் வைத்திருக்கும் குறிப்பு இதுதான்:

சரியான விடை (3) 46,000. முதலில் 40,000 ஐப் பதிவழிக்க மீதி 400,000. அதில் 5% ஆன 20,000 இல் 14,000 ஏற்கெனவே உண்டு. கூடிய 6,000 உம் 40,000 உம் செலவினம்.

(1) 6,000: ஏற்பாட்டின் அதிகரிப்பு சரி, பதிவழித்த கடன் சேர்க்கப்படவில்லை.

(2) 20,000: இது ஆண்டிறுதியில் இருக்க வேண்டிய ஏற்பாட்டு மீதி, ஆண்டின் செலவினம் அல்ல.

(4) 48,000: பதிவழிக்குமுன் உள்ள 440,000 இல் வீதம் எடுக்கப்பட்டுள்ளது, வராது என்று தெரிந்த கடனுக்கு மறுபடி ஏற்பாடு வைக்க முடியாது.

(5) 60,000: ஆரம்ப ஏற்பாடு 14,000 கழிக்கப்படவில்லை, அது போன வருடமே செலவினமாகிவிட்டது.

இவ்வளவுதான். ஒவ்வொன்றும் ஒரு வரி அல்லது ஒன்றரை வரி. அதற்கு மேல் எழுதினால் பிள்ளை வாசிக்காது. நாமும் இரண்டாம் கேள்வியோடு களைத்து விட்டுவிடுவோம். "பிழையான கணிப்பு" என்று எழுதினால் அது காரணமாகாது. பிள்ளைக்குத் தன் கணிப்புப் பிழை என்பது ஏற்கெனவே தெரியும். எந்தப் படியில் வழி பிரிந்தது என்பதை அந்த வரி சொல்ல வேண்டும். முடிந்தால் அந்தப் படி ஏன் அப்படி என்பதையும் அரை வசனத்தில் சொல்ல வேண்டும். 48,000 க்கு எழுதிய இரண்டாம் பாதியைப் பாருங்கள். "முதலில் பதிவழி, பிறகு வீதம் எடு" என்று விதியை மட்டும் எழுதியிருந்தால் பிள்ளை அதைப் பாடமாக்கும், அடுத்த மாதம் ஒழுங்கை மாற்றிவிடும். வராது என்று தெரிந்த கடனுக்கு ஐயமே இல்லையே, பிறகு ஏன் ஐயக்கடன் ஏற்பாடு என்று ஒரு தடவை விளங்கினால் ஒழுங்கு மறக்காது.

இந்தக் குறிப்பு எழுதும்போது இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு தெரிவுக்குக் காரணம் எழுத முடியாமல் பேனா நின்றால், அந்தத் தெரிவில் கோளாறு இருக்கிறது. அதே போல் ஒரு தெரிவு பிழை என்பதற்கு "நான் கருதியது அதுவல்ல" என்பதைத் தவிர வேறு காரணம் வரவில்லையென்றால், கேள்வியில் கோளாறு இருக்கிறது. என் பழைய வசனத்தை வைத்துக்கொண்டு 48,000 க்குக் காரணம் எழுதியிருந்தால், பிள்ளைக்கு முன்பே நான் என்னைப் பிடித்திருப்பேன்.

தாள் அச்சடிக்குமுன் இன்னொரு ஆசிரியரிடம் கொடுங்கள். விடைக்குறிப்பைக் கொடுக்க வேண்டாம். கேள்வியை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் விடை உங்கள் விடையோடு ஒத்துப்போகவில்லையென்றால் உடனே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். பரீட்சை மண்டபத்தில் விளக்கம் சொல்ல நீங்கள் இருக்கப்போவதில்லை.

பரீட்சை முடிந்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அதற்குக் கணினி வேண்டாம். ஒரு கோடிட்ட கடதாசி போதும். வகுப்பில் 40 பேர் என்று வையுங்கள். மொத்தப் புள்ளிப்படி தாள்களை அடுக்கி மேலே 11, கீழே 11 ஐ எடுங்கள். ஏன் 11? மேல் 27 வீதத்தையும் கீழ் 27 வீதத்தையும் ஒப்பிடலாம் என்று 1939 இல் ட்ரூமன் கெல்லி காட்டிய கணக்கு. 40 இல் அது பதினொன்றுக்குக் கிட்ட வரும். ஒவ்வொரு தெரிவையும் இரண்டு குழுவிலும் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள்.

உதாரணத்துக்கு இப்படி வந்தது என்று வைப்போம். 46,000 ஐ மேற்குழுவில் 9 பேர், கீழ்க்குழுவில் 3 பேர். 48,000 ஐ மேலே ஒருவர், கீழே 3 பேர். 60,000 ஐ மேலே ஒருவர், கீழே 4 பேர். 6,000 ஐக் கீழே ஒருவர் மட்டும். 20,000 ஐ ஒருவரும் இல்லை. சரியான விடையில் வேறுபாடு ஆறு பேர். அதைப் பதினொன்றால் வகுத்தால் ஏறக்குறைய 0.55. கேள்வி தெரிந்தவரையும் தெரியாதவரையும் நன்றாகப் பிரிக்கிறது. 60,000 நன்றாக வேலை செய்கிறது. ஆரம்ப ஏற்பாட்டைக் கழிப்பது இந்த வகுப்பில் பலருக்குப் பிடிபடவில்லை, திங்கட்கிழமை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 20,000 இந்த வகுப்பில் செத்த தெரிவு. அடுத்த முறை அதற்குப் பதிலாக 34,000 ஐப் போட்டுப் பார்க்கலாம். 40 பேர் என்பது சிறிய கூட்டம். இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் வராமல் விட்டாலே எண்கள் ஆடும். ஆகவே ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு ஒரு தெரிவைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டு மூன்று வருடம் குறித்து வையுங்கள்.

ஆனால் ஓர் அடையாளம் மட்டும் ஒரே வகுப்பிலும் கவனிக்கத் தக்கது. ஒரு பிழையான தெரிவை மேற்குழுவினர் கீழ்க்குழுவினரை விட அதிகமாக எடுத்திருந்தால், பிள்ளைகளைத் திட்டுமுன் கேள்வியை எடுத்து வாசியுங்கள். அன்று நான் இப்படி எண்ணிப் பார்த்திருந்தால் 48,000 எனக்கு முன்பே கத்தியிருக்கும். எண்ணவில்லை. ஒரு பிள்ளை தாளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்கு வகுப்பு முழுவதற்கும் புள்ளி கொடுத்தேன். அவள் அதோடு விடவில்லை. "எல்லாருக்கும் குடுத்தா, சரியா வாசிச்சதுக்கு எனக்கு என்ன சேர்?" என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை.

தேநீருக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. உங்கள் முன்னால் உள்ள கடதாசியில் ஒரு கணக்கு அச்சிட்டிருக்கிறோம்: ஆண்டின் நடுவில் வாங்கிய லொறி ஒன்றை இரண்டு வருடம் கழித்து விற்கிறார்கள், விற்பனை இலாபம் எவ்வளவு என்பது கேள்வி. கீழே தெரிவுகள் இல்லை. இப்போது தெரிவுகளை எழுதவும் வேண்டாம். உங்கள் வகுப்பில் யார் யார் எங்கெங்கே வழுக்குவார்கள் என்று அவர்கள் முகத்தை நினைத்துக்கொண்டு வழிகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு வழியும் எந்த எண்ணில் முடிகிறது என்பதைத் தேநீருக்குப் பிறகு சேர்ந்து கணித்துப் பார்ப்போம். இரண்டு வழிகள் ஒரே எண்ணில் வந்து முட்டுகிற இடம் ஒன்று அதில் இருக்கிறது. எது என்று நான் சொல்லமாட்டேன்.